பாட்டி எழுதிய குறிப்பை வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் ஊர் திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமம். ஆவணியில் தம்பி கல்யாணம். அண்ணன் குடும்பம் ஜெர்மனியிலிருந்து வருகிறது. இரண்டு வயதாகப் போகிற பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அங்கே அவர்கள் வீட்டில் இருக்கும் போலந்துப் பெண்ணும் கூட வருகிறாள். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் விடிகாலை முகூர்த்தம். நாங்கள் எல்லோரும் கும்பகோணத்தில் மண்டபத்தில் இருப்போம். அவளும் பாப்பாவும் மட்டும் வீட்டில். அம்மா எழுதிக் கொடுத்த குறிப்பு இது: "விளக்கு வைக்கிற நேரத்துல பாப்பாவைத் தூங்க விடாதே. ராத்திரிக்குப் பருப்பு சாதம் நெய் விட்டுக் குழையப் பிசைஞ்சு ரெண்டு கரண்டி கொடு. முந்திரி ஒத்துக்காது. தயிர் ஒத்துக்காது. கத்திரிக்காய் ஒத்துக்காது. பாலை ஆத்திக் கொடு. தூளியில போட்டு ஆட்டினா தூங்கிடும். உடம்பு சுட்டா அலமாரியில மருந்து இருக்கு, அஞ்சு மில்லி கொடு. ஏதாவதுன்னா எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிடு." இதை இங்கிலீஷில் எப்படி மாற்றுவது? அப்படியே மாற்றினால் அவளுக்குப் புரியுமா?

பதில்:

அப்படியே மாற்றினால் வாக்கியம் புரியும், ஆனால் அதை வைத்துக்கொண்டு அவளால் எதுவும் செய்ய முடியாது. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். இங்கிலீஷுக்குப் போகுமுன் அம்மாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, இந்தக் குறிப்பைத் தமிழிலேயே ஒரு தடவை திருப்பி எழுதுங்கள். அம்மா இதை உங்களுக்கு எழுதுவது போல எழுதியிருக்கிறார். எந்த அலமாரி, எந்தக் கரண்டி, மாமா எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் விட்டுவிட்டார். அவளுக்கு இங்கிலீஷும் படித்துத் தெரிந்துகொண்ட மொழிதான் என்பதால், ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை என்று எழுதினால்தான் ராத்திரி பத்து மணிக்குப் பதற்றத்தில் படித்தாலும் நிற்கும்.

முதலில் "ஒத்துக்காது" என்று மூன்று இடத்தில் எழுதியிருப்பதை எடுத்துக்கொள்வோம். குறிப்பிலேயே உயிர் சம்பந்தப்பட்ட இடம் இதுதான். அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: "சாப்பிட்டப்போ என்ன ஆச்சு? எவ்வளவு நேரத்துல ஆச்சு? யார் பார்த்தாங்க?" தயிருக்குப் பெரும்பாலும் "ராத்திரியில் சளி பிடிக்கும்" என்று பதில் வரும். கத்திரிக்காய்க்கு "துப்பிடுவா" என்றோ, "அரிக்கும்னு சொல்வாங்க" என்றோ வரலாம். முந்திரிக்கு மட்டும் "போன தடவை பாயசம் கொடுத்தப்போ உதடு வீங்கிப்போச்சு, உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு" என்று வந்தால் அது அலர்ஜி. மற்ற இரண்டோடு சேர்த்து ஒரே வரியில் எழுதக் கூடாது. மூன்றும் ஒரே சொல்லில் இருந்தால், தயிரைப் பற்றிய வரி பாட்டியின் பழக்கம் என்று அவள் புரிந்துகொள்ளும் அன்றைக்கு முந்திரி வரியையும் அதே கணக்கில் தள்ளிவிடுவாள். அண்ணியிடமும் கேளுங்கள். ஜெர்மனியில் டாக்டர் அலர்ஜி என்று எழுதியிருக்கிறாரா, ஊசி மருந்தோ வாய் மருந்தோ கொடுத்திருக்கிறாரா என்று கேட்டு, கொடுத்திருந்தால் அது பெட்டியில் வருகிறதா என்றும் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கே இது முன்னமே தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தாலும் எழுத வேண்டும், ஏனென்றால் அவளுக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. கல்யாண வீட்டில் முந்திரி எந்தெந்தப் பண்டத்தில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

சேமியாப் பாயசம், சர்க்கரைப் பொங்கல், ரவா கேசரி, லட்டு, வெண்பொங்கல், பர்பி இவற்றில் முந்திரி மேலே தெரியும். அரைத்துவிட்ட குருமாவில் கண்ணுக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் பட்சணம் போடுகிற நாட்களில் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பாப்பா வாயில் எதையாவது ஊட்டிவிட்டுப் போவார்கள். ஆகையால் பண்டங்களின் பட்டியலை அவளிடம் கொடுத்து அவளைக் காவல் காக்க வைப்பதில் பயனில்லை. "இந்த வீட்டில் செய்த இனிப்பு, பொங்கல், குருமா எதுவும் பாப்பாவுக்குக் கிடையாது. யார் கொடுத்தாலும் வாங்காதே" என்று ஒரே வரி போதும். அத்தைமார்களுக்குச் சொல்லவேண்டியதை நீங்கள் தமிழில் தனியாகச் சொல்லிவிடுங்கள், அந்தப் பாரம் அவள் தலையில் விழக் கூடாது. அதற்குக் கீழே அறிகுறிகள்: உதடோ கண்ணோ வீங்கினால், உடம்பில் தடிப்பு வந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், "தூங்கினால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. டாக்டர் கொடுத்த ஊசி இருந்தால் முதலில் அதைப் போட வேண்டும், உடனே ஆம்புலன்ஸ். தயிருக்கும் கத்திரிக்காய்க்கும் இப்படி எதுவும் வந்ததில்லை என்றால், அவற்றை வேறு பக்கத்தில் "பாட்டிக்கு விருப்பமில்லை, கொடுத்தாலும் ஆபத்தில்லை" என்று எழுதிவிடலாம். அம்மா வருத்தப்பட்டால், ராத்திரி தயிர் கொடுக்க வேண்டாம் என்பதை ஒரு வீட்டு வழக்கமாக அவள் மதிப்பாள் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

அடுத்தது "அஞ்சு மில்லி". காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப் நம் கடைகளில் ஒரே அளவில் இருப்பதில்லை. ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். குழந்தைக்கு ஒரு வேளைக்குப் பொதுவாகக் கணக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பாப்பாவின் எடை 11 கிலோ என்று வைத்துக்கொண்டால் 110 முதல் 165 வரை. முதல் பாட்டிலில் ஐந்து மில்லி கொடுத்தால் 120, சரியாக இருக்கும். இரண்டாவது பாட்டிலில் அதே ஐந்து மில்லி 250 ஆகிவிடும், அது அதிகம். சொட்டு மருந்தில் ஐந்து மில்லி கொடுத்தால் 500, அது மூன்று வேளை மருந்தை ஒரே மூச்சில் கொடுத்தது போல. அலமாரியில் போன வருஷத்துப் பாட்டில், பெரியப்பா பேரனுக்கு வாங்கியது, அண்ணன் ஜெர்மனியிலிருந்து கொண்டுவருவது என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவற்றில் எதை எடுப்பது என்று அம்மாவின் குறிப்பில் இல்லை.

இதற்கு மொழிபெயர்ப்பு மருந்தாகாது. அலமாரியைக் காலி செய்ய வேண்டும். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் வையுங்கள். பாப்பாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ இங்கே ஒரு குழந்தை மருத்துவரிடமோ இப்போதைய எடையைச் சொல்லி, அந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று கேட்டு, பாட்டில் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டுங்கள். அளக்க அந்தப் பாட்டிலோடு வந்த மூடியோ சிரிஞ்சோதான், சமையலறைக் கரண்டி கூடாது. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே ஆறு மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கிடையாது. கொடுத்த நேரத்தை அவள் எழுதிவைக்க அதே தாளில் ஒரு கட்டம் விடுங்கள். விடிகாலையில் அண்ணி மண்டபத்திலிருந்து ஓடி வந்தால் முதலில் கேட்கப் போவது அதைத்தான். "உடம்பு சுட்டா" என்பதற்கும் ஒரு எண் வேண்டும். நம் தெர்மாமீட்டர் பாரன்ஹீட்டில் காட்டும், அவளுக்குப் பழக்கம் செல்சியஸ். 100.4 பாரன்ஹீட் என்பது 38 செல்சியஸ், அது காய்ச்சல். 104 என்பது 40, அப்போது அண்ணியை எழுப்பியே ஆகவேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். கையில் இரும்புச் சாவி கொடுக்கச் சொல்லி யாராவது ஓடி வரக்கூடும். அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அதற்காக ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

சாப்பாட்டு வரியில் உள்ள சிக்கல் சிறியது. "குழைய" என்றால் சோறு பருக்கையாகத் தெரியாதபடி, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழுக்கி விழுகிற பதம். எழுதிக் காட்டுவதைவிட முதல் நாள் அம்மா பிசைவதை அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இரண்டு கரண்டி என்பது குழம்புக் கரண்டியா, சோற்றுக் கரண்டியா? அந்தக் கரண்டியையே தட்டு மேல் வைத்துவிட்டுப் போங்கள். பாலை ஆற்றுவது அவளுக்கு வராது. டவராவிலிருந்து டம்ளருக்கு உயரத் தூக்கி ஊற்றப்போய்க் கையைச் சுட்டுக்கொள்வாள். அம்மாவுக்கு வேண்டியது வெதுவெதுப்பு, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால் சூடே தெரியக் கூடாது. அதை எழுதினால் போதும். குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும்தான் என்பதை அம்மா எழுதவேயில்லை, எங்கள் வீட்டில் எல்லாம் அது சொல்லாமலே நடப்பது. எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்பதோடு அதைச் சேருங்கள், பல் தேய்க்கவும் அதே தண்ணீர் என்று எழுதுங்கள்.

சோறு ஊசிப்போவதைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். ஜெர்மனியில் மதியம் வடித்த சோறு மேஜை மேல் ராத்திரி வரை இருந்தாலும் அவள் கண்ணுக்குக் கெட்டதாகத் தெரியாது. ஆவணிப் புழுக்கத்தில் இங்கே அப்படி வைத்த சோற்றைச் சூடு செய்து கொடுத்தாலும் வாந்தி பேதி வரலாம், ஏனென்றால் சில கிருமிகள் சோற்றில் விட்டுப்போன நஞ்சு சூட்டில் போகாது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பும் முன் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாப்பாவுக்கென்று தனியாக வடித்துப் பிசைந்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் மூடி வைத்துவிடுங்கள். அவள் ஒரு தடவை மட்டும் ஆவி வரச் சூடாக்கி, பிறகு ஆறவைத்து ஊட்டுவாள், மிச்சத்தைக் கொட்டிவிடுவாள். சாப்பிட்ட கரண்டியைப் பாத்திரத்துக்குள் திரும்பப் போடக் கூடாது என்பது நம் எச்சில் வழக்கம்தான், அதையும் காரணத்தோடு சொன்னால் தயங்காமல் செய்வாள்.

தூங்க வைக்கிற விஷயத்தில் அம்மாவின் குறிப்பை நான் பாதிக்கு மேல் நீக்கிவிடுவேன். பாப்பாவை ஜெர்மனியில் தினமும் தூங்க வைப்பது அந்தப் பெண்தான். எந்தப் பொம்மை வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும் என்பதெல்லாம் அம்மாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்த வீடுதான் அவளுக்குத் தெரியாது. தூளியை அன்றைக்கு அவிழ்த்து வைத்துவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தை தூளியில் எழுந்து நின்று வெளியே சாயும், தூளி ஆட்டித் தெரியாதவள் ஒரு நிமிஷம் திரும்பினால் விழுந்துவிடும். அம்மா இருக்கும் நாட்களில் அம்மா ஆட்டட்டும்.

விளக்கு வைக்கிற நேரம் என்பதை ஆறிலிருந்து ஏழு என்று எழுதுங்கள். அதில் சிரமமே இருக்காது. ஆவணியில் நமக்கும் ஜெர்மனிக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே ஏழரைக்குத் தூங்குகிற குழந்தையின் உடம்புக்கு இங்கே பதினொன்று ஆனால்தான் ஏழரை. வந்து மூன்று நான்கு நாளில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். அம்மா எட்டரைக்குத் தூங்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் அவளும் பாப்பாவும் ஒன்றரை மணி நேரம் போராடுவார்கள். ஒன்பதரைக்கு விளக்கைக் குறைத்து, பத்து பத்தரை வரை விழித்திருந்தாலும் பரவாயில்லை என்று எழுதிவிடுங்கள். நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் படுக்க வைக்க வேண்டும் என்று அம்மா விரும்பினால் அதையும் சேர்க்கலாம், வாயில் போடக் கூடாது என்பதோடு. திருஷ்டி சுற்றிப் போடுவதைக் கிளம்பும் முன் அம்மாவே செய்துவிடட்டும், அடுப்பில் மிளகாய் போடுகிற வேலையைப் புதியவளுக்குக் கொடுக்க வேண்டாம்.

படுக்கையைக் கட்டிலில் போட்டு, கொசுவலையை மெத்தைக்கடியில் நான்கு பக்கமும் செருகச் சொல்லுங்கள். கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை. வயலை ஒட்டிய வீடுகளில் ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்தவர்களைக் கட்டுவிரியன் கடிப்பது நாம் அறிந்ததுதான். அதன் கடியில் வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது, தடம்கூடத் தெரியாமல் போகும். விடிகாலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியாமல் விழுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது என்றுதான் தெரியவரும். செருகிய வலை அதற்குப் பெரிய தடுப்பு. அவளைப் பயமுறுத்த வேண்டாம், ஆனால் "தரையில் படுக்க வைக்காதே, ராத்திரி எழுந்தால் டார்ச் அடித்துப் பார்த்துக் காலை வை, கடித்ததோ என்று சந்தேகம் வந்தாலே ஆம்புலன்ஸ், கட்டுப் போடாதே, கீறாதே" என்ற வரிகள் இருக்க வேண்டும். விஷமுறிவு மருந்து கும்பகோணம் அரசு மருத்துவமனையிலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிடைக்கும்.

அம்மா எழுதாமல் விட்டதில் நான் முதலில் சேர்ப்பது கொல்லைக் கதவு. மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறந்திருந்தால் ஆவணியில் உங்கள் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கிணறு, தொட்டி, மாட்டுக்கு வைத்த அண்டா எல்லாமே இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆழம்தான். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த குழந்தைக்குத் திறந்த கதவு என்றால் விளையாட்டு. "கொல்லைக் கதவு எப்போதும் மேல்தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டும்" என்பதைக் குறிப்பின் முதல் வரியாக எழுதி, கதவிலும் ஒட்டுங்கள். கிணற்றுக்கு மூடி இல்லையென்றால் கல்யாணத்துக்குப் பந்தல் போட வருகிறவரிடமே கம்பி வலை அடிக்கச் சொல்லுங்கள்.

இனி "எதிர்வீட்டு மாமா". அவர் கல்யாணத்துக்கு வரமாட்டாரா? தெருவே மண்டபத்தில் இருக்கும் ராத்திரி அது. கார்களும் அங்கேதான் நிற்கும். ஆகவே யார் வரப் போவதில்லை, யாரிடம் வண்டி இருக்கிறது, யாருக்குக் கொஞ்சமாவது இங்கிலீஷ் வரும் என்று பார்த்து ஒருவரை இப்போதே கேட்டு நிச்சயம் செய்யுங்கள். அவரிடம் அவளை முதல் நாளே அழைத்துப் போய் முகம் காட்டுங்கள். மண்டபத்தில் நாதஸ்வரச் சத்தத்தில் யாருக்கும் போன் கேட்காது. அண்ணன், அண்ணி தவிர மூன்றாவதாக ஒருவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பது என்று முடிவு செய்து அந்த எண்ணையும் எழுதுங்கள்.

அவளுடைய போன் ஜெர்மன் சிம்மில் ரோமிங்கில் இருந்தால், நாம் எழுதுகிற பத்து இலக்க எண் போகாமல் போகலாம். எல்லா எண்ணும் +91 போட்டு எழுதியிருக்க வேண்டும். கும்பகோணம் லேண்ட்லைன் என்றால் 0435 இல் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு +91 435 என்று வரும். அதைவிட நல்லது, தமிழ்நாட்டு சிம் போட்ட ஒரு போனைச் சார்ஜ் செய்து அந்த ராத்திரி வீட்டிலேயே வைத்துவிடுவது. ஆம்புலன்ஸுக்கு 108. ஆனால் பதற்றத்தில் அவள் கை தானாக 112ஐத்தான் அழுத்தும், போலந்திலும் ஜெர்மனியிலும் அவசர எண் அதுதான். நம் நாட்டிலும் 112 அவசர உதவி எண்ணே. இரண்டையும் எழுதி, "முதலில் 108, கிடைக்காவிட்டால் 112" என்று போடுங்கள்.

எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது இடம். மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, பக்கத்தில் என்ன அடையாளம். ஊர்ப் பெயரை அவள் சொன்னால் அவர்களுக்குப் புரியாது, நம் ழகரமும் ளகரமும் அவளுக்கு வராது. அதற்கு இரண்டு வழி செய்யுங்கள். முதலாவது, தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாள்: "தஞ்சாவூர் மாவட்டம், திருவிடைமருதூர் தாலுகா, இன்ன ஊர், இன்ன தெரு, பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து. இரண்டு வயதுப் பெண் குழந்தை, எடை 11 கிலோ, முந்திரி அலர்ஜி. இந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, தயவுசெய்து இவளுக்காக 108இல் பேசுங்கள்." தெருவில் யார் முதலில் கிடைக்கிறாரோ அவரிடம் அவள் இதை நீட்டினால் போதும். இரண்டாவது, அதே விவரத்தை உங்கள் குரலில் பதிவு செய்து அவளுடைய போனில் வையுங்கள். அவள் அந்த வீட்டுப் போனில் 108ஐக் கூப்பிட்டு இதை அதன் முன்னால் ஓடவிடலாம். வீட்டின் இருப்பிடத்தை மேப்பில் குறித்து அவளுக்கு அனுப்பியும் வையுங்கள், ஆனால் மின்தடையோடு நெட்டும் போனால் தாள்தான் கைகொடுக்கும்.

இவ்வளவும் சேர்ந்தால் நான்கு பக்கம் ஆகும் என்று பயப்பட வேண்டாம். இரண்டு தாள்தான். ஒன்றில் ஆபத்து: கொல்லைக் கதவு, முந்திரி, மருந்து அளவு, பாம்பு, எண்கள். இன்னொன்றில் ராத்திரி வழக்கம்: சோறு, தண்ணீர், பால், படுக்கை, விபூதி, இன்வெர்ட்டர் சுவிட்ச் எங்கே என்பது. முதல் தாளை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். இங்கிலீஷில் எழுதி முடித்ததும் அவளிடம் கொடுத்து "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் புரிந்தது என்றுதான் சொல்வாள். "பாப்பா உதடு வீங்கினால் முதலில் என்ன செய்வாய்?", "காய்ச்சல் 101 என்றால் எந்தப் பாட்டிலிலிருந்து எவ்வளவு?" என்று கேட்டு, அவள் எழுந்து போய் அந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டட்டும். எங்கே தயங்குகிறாளோ அந்த வரியைத்தான் திரும்ப எழுத வேண்டும். இந்த ஒத்திகையைக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், அண்ணியும் அம்மாவும் வீட்டில் இருக்கும் ஒரு ராத்திரியில் செய்துவிடுங்கள், திருத்த ஒரு நாள் கையில் இருக்கும்.